பந்து கையில் இல்லாதவர் எங்கே ஓடுவது? மூன்றுக்கு ஒன்றில் தொடங்குங்கள்

கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த முதல் வருடம் ஆறாம் வகுப்பை எதிரெதிர் வரிசையில் நிறுத்தி செஸ்ட் பாஸ் போடவைத்தேன். வரிசையில் அழகாக வந்தது. ஆட்டம் விட்டதும் பத்துப் பேரும் ஈ மொய்ப்பது போல் பந்தைச் சுற்றிக்கொண்டார்கள். இப்போது முதல் நாளே ஆட்டம்தான். 1982-ல் இங்கிலாந்தில் உடற்கல்வி விரிவுரையாளர்கள் பங்கரும் தோர்ப்பும் சொன்ன வழி இது: ஆட்டத்தில் தேவை தெரியட்டும், நுட்பம் அப்புறம்.

படி 1: சாக்பீஸால் 5 மீட்டர் சதுரம். கோன் வேண்டாம், காலில் பட்டு நகர்ந்துவிடும். பந்து 5-ஆம் அளவு. 7-ஆம் அளவு இந்த வயதின் கைக்கு அடங்காது.

படி 2: மூன்று மூலைகளில் மூவர், நடுவில் தடுப்பவர் ஒருவர், நான்காம் மூலை காலி. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிள் கிடையாது. தொடர்ந்து 5 பாஸ் போனால் ஒரு புள்ளி.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். மூலைகளுக்குச் சுற்றுவரிசையில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். பந்து 1-ல், மற்றவர்கள் 2-லும் 4-லும். பந்து 2-க்குப் போகிறது. இப்போது 4-ல் நிற்பவர் குறுக்கே எதிர்மூலையில் மாட்டிக்கொண்டார், நடுவில் தடுப்பவர். அவர் 3-க்கு ஓடினால்தான் 2-ல் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் வழி. அதாவது பாஸ் போட்டவரும் வாங்கியவரும் நிற்க, மூன்றாமவர் ஓடவேண்டும். நான் “காலி இடத்துக்குப் போ!” என்று கத்தியே தொண்டை கட்டியது, ஒருவரும் அசையவில்லை. அப்புறம் விசிலடித்து அப்படியே உறையவைத்து, பந்து வைத்திருப்பவரிடம் “உனக்கு யார் யார் தெரிகிறார்கள்?” என்று மட்டும் கேட்டேன். “ஒருத்தன்தான் சார்” என்றான். மூலையில் நின்றவன் தானே நகர்ந்தான்.

பந்து காற்றில் இருக்கும்போதே ஓட்டம் தொடங்கவேண்டும். வாங்கியவர் பந்தைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்துக் காத்திருந்தாலோ, குறுக்கே உயரத்தூக்கிப் போட்டாலோ, மூன்றாமவர் தாமதம் என்று அர்த்தம்.

படி 3: அரை மைதானத்தில் மூன்றுக்கு மூன்று, இங்கேயும் டிரிபிள் இல்லை. கூடையில் போட்டால் 2, பாஸ் போட்டுவிட்டு ஓடியவரே திரும்ப வாங்கிப் போட்டால் 3.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்துபார்த்த ஒரு ஆசிரியர், படி 3-ல் பாஸ் போட்டவர்கள் மரமாக நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். தப்பு என்னுடையது. சதுரத்தில் பாஸ் போட்டவர் நிற்கவேண்டும் என்று பழக்கிவிட்டு, இங்கே கூடையை நோக்கி ஓடு என்றால் பிள்ளைகள் குழம்பத்தானே செய்வார்கள்? இப்போது படி 3-ஐத் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: கூடை வந்ததால் விதி மாறுகிறது, பாஸ் போட்டதும் கூடைக்கு ஓடு, நீ விட்ட இடத்தை மூன்றாமவர் நிரப்புவார். நேராக ஓடினால் தடுப்பவர் கூடவே வருவார்; எதிர்ப்பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள்.