பாரசீகக் கடிதத்தில் மறைந்திருந்த எழுவாய்: என் அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் இருந்தபடி பாரசீகக் குடும்பக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்க்கையில், ஒரு பத்தி பல நாள்களை விழுங்கியது. தந்தை வருகிறார், அண்டை வீட்டாரைச் சந்திக்கிறார். அடுத்து எழுவாயின்றி ‘கொஃப்தந்த்’, அதாவது ‘சொன்னார்கள்’, மறுநாள் புறப்படுவதாக.

அருகிலுள்ள பன்மைப் பெயரை எழுவாயாக்கினேன். அண்டை வீட்டாரே புறப்படுவதாக ஆகி, பின்வரும் வழியனுப்பும் காட்சி பொருந்தவில்லை. படித்துப் பார்த்த மலையாள நண்பருக்கும் விகுதி உதவவில்லை. அவர் மொழி வினையில் இடமும் எண்ணும் காட்டும் விகுதியே இல்லை.

எழுவாய் வெளிப்படையாக உள்ள வாக்கியங்களை மட்டும் தனியே எழுதிப் பார்த்ததும் தெளிந்தது. ‘பெதரம் ஆமதந்த்’: ‘என் தந்தை’ ஒருமை, வினையிலோ ‘அந்த்’ என்னும் பன்மை விகுதி. தம்பிக்கோ விகுதியே இல்லாத ‘ஆமத்’. நம் ‘அப்பா வந்தார்கள்’ போல, அது மரியாதைப் பன்மை. யாருக்கு இந்த மரியாதை என்று குறித்துக்கொண்டு மறுபடி படித்தபோது, சொன்னவரும் புறப்படுபவரும் தந்தையே என்பது வழியனுப்பும் காட்சியோடும் ஒத்துப்போனது. ஆங்கிலத்தில் முதல் வினைக்கு ‘மை ஃபாதர்’, அடுத்தவற்றுக்கு ‘ஹீ’ என்று இட்டேன்.

தந்தையும் தம்பியும் சேர்ந்து செல்லும் இடத்தில் விகுதி மட்டும் போதாது. அங்கே செயலைப் பார்த்து, பெயரையே திரும்ப எழுதினேன்.