ஆன்லைன் ஆடைக் கடையின் பட்டியலை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் பனியன், டி-ஷர்ட், லெக்கிங்ஸ், குழந்தைகள் செட் ஆகியவற்றைத் தைத்து விற்கும் சிறிய கடைகள் தமக்கென ஓர் இணையக் கடையைத் திறக்கும்போது, பெரும்பாலும் முதலில் முகப்புப் படத்தையும் லோகோவையும் தேர்ந்தெடுக்கின்றன. பொருள் பட்டியலை எப்படி அடுக்குவது என்ற கேள்வி, சரக்கை ஏற்றத் தொடங்கிய பிறகே வருகிறது. அப்படி ஏற்றிய பட்டியல்களைப் பிரித்து மறுபடி அடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஏறக்குறைய எல்லாக் குழப்பங்களும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: 'இது என்ன ஆடை' என்பதற்கான பதில், 'இது எப்படிப்பட்ட ஆடை' என்பதற்கான பதில், 'அலமாரியிலிருந்து எந்தத் துண்டை எடுப்பது' என்பதற்கான பதில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதலாவது வகை, இரண்டாவது ஃபில்டர், மூன்றாவது வேரியன்ட்.

நிறத்தையும் அளவையும் வகையாக்குவது

ஒரு கடையில் 'ஆண்கள் › டி-ஷர்ட் › கருப்பு › XL' என்று நான்கு படிகள் வைத்திருந்தார்கள். எட்டு நிறம், ஐந்து அளவு என்று கணக்கிட்டால் டி-ஷர்ட்டுக்கு அடியில் கடைசிப் படியில் மட்டும் 40 துணை வகைகள் உருவாகின்றன. கடையில் இருந்ததோ 22 டிசைன். பல துணை வகைகளில் ஒன்றிரண்டு படங்களே தெரிந்தன. சில முற்றிலும் காலி. மேலும், L-க்கும் XL-க்கும் இடையில் தயங்குகிற ஒருவர் ஒவ்வொரு முறையும் பின்னால் போய் வேறு கிளைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

வகை என்பது ஆடை என்னவென்று மட்டும் சொல்ல வேண்டும்: ஆண்கள் › டி-ஷர்ட், பெண்கள் › லெக்கிங்ஸ், குழந்தைகள் › செட். இரண்டு படிகள் போதும். சரக்கு மிகுந்தால் மூன்று. ரவுண்ட் நெக், போலோ என்று பிரிப்பதற்குக்கூட ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து டிசைனாவது இருக்கும்வரை காத்திருக்கலாம். 'புது வரவு', 'தீபாவளி', '₹299-க்குக் கீழ்' போன்றவை வகைகளே அல்ல. அவை வந்து போகும் தொகுப்புகள். அவற்றை டேக் மூலமாகவோ தானாகச் சேரும் தொகுப்பாகவோ அமைப்பதே சரி. பொருளின் இணைய முகவரியில் வகையின் பெயரும் சேரும்படி அமைத்திருந்தால், பண்டிகை முடிந்து அந்த வகையை நீக்கும்போது முகவரிகள் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட பழைய இணைப்புகள் வேலை செய்யாமல் போகலாம்.

எல்லா அளவுகளையும் ஒரே 'அளவு' பெட்டியில் போடுவது

திருப்பூர்ச் சரக்குக்கே உரிய சிக்கல் இது. டி-ஷர்ட் S, M, L என்று வரும். ஆண்கள் உள்பனியன் 80, 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் வரும். குர்த்தி 36, 38, 40 என்று அங்குலத்தில் வரும். குழந்தைகள் செட் '4-5 வயது' என்று வரும். லெக்கிங்ஸ் சில சமயம் வெறும் ஃப்ரீ சைஸ். இவை அனைத்தையும் 'அளவு' என்ற ஒரே பண்பில் ஏற்றினால், டி-ஷர்ட் தேடி வந்தவர் ஃபில்டரைத் திறந்ததும் 36, 4-5, 80, 95, L, M, S, XL என்று நீளும் ஒரு பட்டியலைப் பார்ப்பார். அதில் 36 எந்த ஆடைக்கு உரியது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

ஒவ்வோர் அளவு முறைக்கும் ஒரு தனிப் பண்பு வைத்து, அந்தந்த வகைப் பக்கத்தில் அதற்குரியதை மட்டும் காட்ட வேண்டும். வரிசையையும் கையால் அமைக்க வேண்டியிருக்கும். இணையக் கடை மென்பொருளான வூகாமர்ஸில் பண்பின் வரிசையைப் 'பெயர்ப்படி' என்று விட்டுவிட்டால் L, M, S, XL என்று அகர வரிசையில் நிற்கும். அதே வூகாமர்ஸில் இன்னொரு பொறியும் உண்டு. பண்பைப் பொது அமைப்பில் ஒருமுறை உருவாக்காமல், ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் கையால் தட்டச்சு செய்தால், அது அந்தப் பொருளுக்குள் தெரியுமே தவிர, பண்புக்கான ஃபில்டரில் வராது. முந்நூறு பொருள் ஏற்றிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

அளவு அட்டவணையில் நேரும் பிழை வேறு மாதிரியானது. தொழிற்சாலை தரும் ஸ்பெக் ஷீட்டில் மார்பளவு பெரும்பாலும் பாதி அளவாகவே இருக்கும்: டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, அக்குளுக்குச் சற்றுக் கீழே ஓரத்திலிருந்து ஓரம்வரை டேப் வைத்து எடுத்தது. M அளவுக்கு 51 செ.மீ. என்று இருந்தால் சட்டையின் முழுச் சுற்று 102 செ.மீ., அதாவது ஏறத்தாழ 40 அங்குலம். அந்த 51-ஐ அப்படியே 'மார்பு' என்று தளத்தில் ஏற்றிவிட்டால், வாங்குபவருக்கு எதுவும் விளங்காது. 40 என்று மாற்றினாலும் வேலை முடியவில்லை. அது ஆடையின் அளவா, உடம்பின் அளவா என்பதைச் சொல்லியாக வேண்டும். 40 அங்குலச் சட்டை, 38 அங்குல மார்புள்ளவருக்குத் தளர்வாக இருக்கும். 40 அங்குல மார்புள்ளவருக்கு உடம்போடு ஒட்டும். 'அளவு சரியில்லை' என்று திரும்பி வருகிற சரக்கைக் கூர்ந்து பார்த்தால், தையலில் பிழை இருக்காது. இந்த ஒரு வரி விடுபட்டிருக்கும்.

நிறத்தின் பெயரையே ஃபில்டராக வைப்பது

சாய ஆலை தரும் ஷேடு கார்டில் நேவி, இங்க் ப்ளூ, மிட்நைட் என்று மூன்று பெயர்கள் இருக்கலாம். மூன்றும் ஃபில்டரில் தனித்தனியாக நின்றால், 'நீல டி-ஷர்ட் வேண்டும்' என்று வந்தவர் மூன்று பெட்டிகளையும் டிக் செய்ய வேண்டும். நேவியை மட்டும் டிக் செய்தவர் மற்ற இரண்டையும் பார்க்காமலே போய்விடுவார். எனவே நிறத்துக்கு இரண்டு புலங்கள் தேவை. ஒன்று, பொருளின் பக்கத்தில் தெரியும் பெயர்: 'இங்க் ப்ளூ', 'மாம்பழ மஞ்சள்', 'அந்த்ரா'. மற்றொன்று, ஃபில்டருக்கு மட்டும் பயன்படும் நிறக் குடும்பம்: நீலம், மஞ்சள், சாம்பல். குடும்பங்கள் பன்னிரண்டுக்கு மேல் போக வேண்டியதில்லை. அச்சு டிசைன்களுக்குப் 'பல நிறம்' என்று ஒன்று இருக்கட்டும். ஆனால் தரை நிறம் தெளிவாகத் தெரிகிற ஆடையை அதில் தள்ளிவிடக் கூடாது.

மெரூன் இருக்கிறது, XL-உம் இருக்கிறது. மெரூன் XL இல்லை

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான். 180 ஜிஎஸ்எம் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஒன்றில் மெரூன் S, M மட்டும் இருப்பில் உள்ளது. நேவியில் XL உள்ளது. வாங்க வந்தவர் நிறத்தில் மெரூனையும் அளவில் XL-ஐயும் டிக் செய்கிறார். பட்டியல் அந்த டி-ஷர்ட்டைக் காட்டுகிறது, அதுவும் பெரும்பாலும் நேவிப் படத்தோடு. உள்ளே போய் மெரூனைத் தொட்டால் XL மங்கிக் கிடக்கிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் அவர் தளத்தை மூடிவிடுவார்.

ஃபில்டர் பொருள் மட்டத்தில் வேலை செய்வதே காரணம். 'இந்தப் பொருளில் மெரூன் உண்டா? உண்டு. XL உண்டா? உண்டு' என்று தனித்தனியாகக் கேட்கிறது. இரண்டும் ஒரே வேரியன்டில் சேர்ந்து இருப்பில் உள்ளனவா என்று கேட்பதில்லை. உங்கள் தளம் எப்படிப்பட்டது என்பதைப் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். மெரூன் M, நேவி XL என்று இரண்டே வேரியன்ட் கொண்ட ஒரு பொய்ப் பொருளை உருவாக்கி, மெரூனையும் XL-ஐயும் சேர்த்து ஃபில்டர் செய்யுங்கள். அது பட்டியலில் வந்தால் சிக்கல் இருக்கிறது. முழுச் சரக்கையும் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் அடுத்த முடிவு இதைப் பொறுத்தது.

அந்த முடிவு, நிறத்தை வேரியன்டாக வைப்பதா, ஒவ்வொரு நிறத்தையும் தனிப் பொருளாக வைப்பதா என்பது. தனிப் பொருளாக வைத்து, ஒன்றையொன்று வண்ணப் பொத்தான்களால் இணைத்தால், மெரூன் டி-ஷர்ட் மெரூன் படத்தோடு பட்டியலில் நிற்கும். அதற்குள் மாறுவது அளவு மட்டுமே என்பதால், இருப்பில் இல்லாத அளவுகளை ஃபில்டர் ஒதுக்கும்படி அமைத்துவிட்டால், மேலே சொன்ன ஏமாற்றம் வராது. ஆனால் எட்டு நிறத்துக்கும் எட்டு விவரக் குறிப்புகள் இருக்கும். ஜிஎஸ்எம் தவறாகப் பதிந்திருந்தால் எட்டு இடத்தில் திருத்த வேண்டும். வாடிக்கையாளர் கருத்துகளும் எட்டாகச் சிதறும். அச்சு டிசைன்களுக்கும், நிறத்தைப் பார்த்தே வாங்கப்படும் குர்த்திகளுக்கும் தனிப் பொருள் முறையே பொருத்தம் என்பது என் கருத்து. ஐந்து பேக்காக வாங்கப்படும் சாதாரண டி-ஷர்ட்டுக்கு நிறத்தை வேரியன்டாகவே வைக்கலாம், ஃபில்டர் வேரியன்ட் மட்டத்தில் வேலை செய்தால்.

அரைக்கை, முழுக்கை போன்றவற்றை வேரியன்டாக்க வேண்டாம். துணியும் விலையும் படமும் மாறும்போது அது வேறு பொருள். 8 நிறம், 5 அளவு, 2 கை என்றால் ஒரே பக்கத்தில் 80 வேரியன்ட் ஆகிவிடும். ஷாப்பிஃபை போன்ற தளங்களில் ஒரு பொருளுக்கு நிறம், அளவு போன்ற தெரிவுகள் மூன்றுதாம் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எக்செல் செய்யும் வேலை

சரக்கை ஒவ்வொன்றாக ஏற்ற யாருக்கும் நேரம் இருக்காது; சி.எஸ்.வி. கோப்பாகத்தான் ஏற்றுவார்கள். ஒருமுறை குழந்தைகள் வகையில் அளவு ஃபில்டரைத் திறந்தபோது '02-Mar', '04-May', '06-Jul' என்று இருந்தது. 2-3 வயது, 4-5 வயது, 6-7 வயது என்பவற்றை எக்செல் தேதியாகப் படித்திருக்கிறது. கோப்பைத் திறந்து சேமித்த கணமே இது நடந்துவிடும். அளவை `2-3Y` என்று ஓர் எழுத்தோடு எழுதினால் எக்செல் அதைத் தொடாது.

பொருள் குறியீட்டிலும் இதே ஆபத்து உண்டு. `00412` என்று பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடு 412 ஆகிவிடும். அடுத்த முறை இருப்பைப் புதுப்பிக்கும்போது பழைய பொருளோடு பொருந்தாமல் புதிய பொருளாக நுழையும். எழுத்தில் தொடங்கி, படித்தவுடன் புரியும்படி வைப்பது பாதுகாப்பானது:

```
RN180-MRN-XL
RN180-NVY-M
```

முதல் பகுதி டிசைனும் துணியும், இரண்டாவது நிறம், மூன்றாவது அளவு. பேக்கிங் மேசையில் நிற்பவர் கணினியைப் பார்க்காமலே சரியான துண்டை எடுக்க முடியும். கூகுள் ஷாப்பிங்கில் பட்டியலிடும்போதும் இது உதவும்: முதல் பகுதியை `item_group_id` புலத்தில் கொடுத்தால், எல்லா வேரியன்டும் ஒரே டிசைனுக்கு உரியவை என்பது அங்கே தெரியும்.

இருப்புத் தீர்ந்த வேரியன்டை நீக்கிவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் போதும். ஃபில்டரிலிருந்து அது மறையும்படி அமைத்துக்கொள்ளலாம். நீக்கிவிட்டு, அடுத்த லாட் வந்ததும் புதிதாக உருவாக்கினால், தளம் அதை வேறு வேரியன்டாகவே கருதும். போன ஆண்டு மெரூன் XL எத்தனை விற்றது என்ற கணக்கு இரண்டாகப் பிளந்து கிடக்கும், அடுத்த ஆர்டருக்குத் துணி வெட்டும்போது எடுத்துப் பார்க்க வேண்டிய கணக்கும் அதுவே.