மூச்சை இழுத்தால் ஒட்டிக்கொள்ளும் மூக்கு: வால்வு தளர்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த இளைஞருக்கு வயது 24. காவலர் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் 1,500 மீட்டர் ஓடிப் பழகுகிறவர். தருமபுரியில் என் முன் உட்கார்ந்து அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே பாதி நோயறிதல் இருந்தது. "நடந்தால் ஒன்றும் தெரியவில்லை சார். ஓடும்போது மூச்சை இழுத்து வாங்கினால் இடது மூக்கு ஒட்டிக்கொள்கிறது. மூச்சை விட்டால் திறந்துவிடுகிறது."

அவருடைய துணிப்பையில் இரண்டு வருடச் சிகிச்சை இருந்தது. சளி மாத்திரைச் சீட்டுகள், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே பாட்டில்கள், 'சைனஸ்' என்று எடுத்த சி.டி. ஸ்கேன், கடைசியாக 'மூக்குத் தண்டு வளைவு, அறுவைச் சிகிச்சை தேவை' என்று எழுதிய ஒரு சீட்டு. ஊர்த் திருவிழாக் கபடியில் எதிரணிக்காரரின் முழங்கை மூக்கில் பட்டு ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இழுக்கும்போது அடைத்து, விடும்போது திறந்தால் அது பெரும்பாலும் சளி அல்ல. சளியும் சதை வீக்கமும் இரண்டு திசையிலும் தடுக்கும். இழுக்கும் திசையில் மட்டும் தடுப்பது மூக்கின் பக்கச் சுவர். இளநீரில் காகித ஸ்ட்ராவைப் போட்டு வேகமாக உறிஞ்சினால், நனைந்து தொய்ந்த இடத்தில் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதேதான் இங்கும் நடக்கிறது. நாசித் துவாரத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றே கால் சென்டிமீட்டர் உள்ளே, மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தண்டும் மேல் பக்கக் குருத்தெலும்பும் சேரும் மூலையில் ஒரு குறுகிய கோணம் இருக்கிறது. 10 முதல் 15 டிகிரிதான். மூக்கின் மூச்சுப் பாதை முழுவதிலும் மிகக் குறுகிய இடம் அதுவே. அதைத்தான் உள் வால்வு என்கிறோம். துவாரத்தின் விளிம்பும் மூக்கு மடலும் சேர்ந்தது வெளி வால்வு. குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைந்து, சுவர் உள்நோக்கி இழுபடும். குருத்தெலும்பு உறுதியாக இருந்தால் தாங்கும். அடிபட்டோ, வயதாலோ, மூக்கின் மேட்டைச் செதுக்கும் அழகு அறுவைச் சிகிச்சையாலோ, முகவாதத்தாலோ தளர்ந்திருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

அந்த இளைஞர் செய்த முதல் தவறு, ஓடும்போது அடைக்க அடைக்க இன்னும் வேகமாக இழுத்தது. வேகம் கூடினால் உள்நோக்கிய இழுப்பும் கூடும், சுவர் இன்னும் இறுக ஒட்டும். பலத்தால் திறக்கிற கதவு அல்ல அது.

இரண்டாவது, ஸ்பிரே. மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகைகள் வீங்கிய சதையைச் சுருக்கும். தளர்ந்த குருத்தெலும்பை அவற்றால் நிமிர்த்த முடியாது. சதை சுருங்கும்போது கொஞ்சம் இடம் கிடைப்பதால் 'வேலை செய்கிறது' என்று தோன்றும், அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து அடித்தால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். இவரிடம் அப்போது இரண்டு அடைப்புகள் இருந்தன: கபடி கொடுத்தது ஒன்று, பாட்டில் கொடுத்தது ஒன்று. பாட்டிலை நிறுத்தி, ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்து, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னேன். அந்த நான்கு வாரத்தைக் கடக்காமல் வால்வைச் சோதித்தால் தவறான முடிவுதான் கிடைக்கும்.

அவர் திரும்பி வந்த அன்று நடந்த பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதிகமான தவறுகள் நடக்கும் இடம் இதுதான், அவற்றில் பல எங்கள் பக்கத்துத் தவறுகள்.

மூக்கைத் தொடாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. உட்கார்ந்த உடனே துவாரத்தில் ஸ்பெகுலம் என்ற விரிப்பானை நுழைத்தால், அந்தக் கருவியே சுவரைத் தாங்கிப் பிடித்துவிடும், தளர்ச்சி மறைந்துவிடும். எனவே கையைக் கட்டிக்கொண்டு, "தம்பி, எப்போதும் போல மூச்சு விடு" என்றேன். அசைவு இல்லை. "இப்போது கொஞ்சம் ஆழமாக இழு." இடது மடலுக்கு மேலே, கட்டை விரல் நகம் அளவு இடம் பள்ளமாக உள்ளே போனது. வலப்பக்கம் அப்படியே நின்றது. மூச்சை விட்டதும் பள்ளம் நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா, "இத்தனை நாள் என் கண்ணில் படவில்லையே ஐயா" என்றார். அமைதியாக மூச்சு விடும்போது யார் கண்ணிலும் படாது அம்மா என்றேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் கண்ணாடி முன் நின்று முழு பலத்துடன் உறிஞ்சிப் பார்த்தால் நல்ல மூக்கும் ஓரளவு ஒட்டத்தான் செய்யும். அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஏணிப்படி ஏறும்போதோ ஓடும்போதோ தானாக வரும் ஆழமான மூச்சிலேயே ஒட்டுகிறதா, எப்போதும் ஒரே பக்கமா என்பதுதான் கேள்வி. சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாறி அடைப்பது பெரும்பாலும் மூக்கின் இயல்பான சுழற்சி.

குளிர்ந்த உலோகத் தகட்டை மூக்கின் கீழே பிடித்து ஆவி படிவதைப் பார்க்கும் பழைய சோதனையும் இந்த நோயில் ஏமாற்றும். ஆவி படிவது விடும் மூச்சில், அடைப்பு இருப்பது இழுக்கும் மூச்சில். இவருக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே படிந்தது.

அடுத்து, சதையைச் சுருக்கும் மருந்தை ஒரே ஒரு முறை அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். சோதனைக்கு மட்டும் அது நல்ல கருவி. அடைப்பு பெரிதாகக் குறைந்தால் குற்றம் சதையில், குறையாவிட்டால் அமைப்பில். இவருக்குக் குறையவில்லை.

பிறகு, காட்டல் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை. கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் வால்வு திறந்து மூச்சு சுலபமாகும். இதை மட்டும் செய்துவிட்டு 'வால்வுதான்' என்று எழுதுவது பெருந்தவறு, ஏனென்றால் கன்னத்தை இழுத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் நன்றாகத்தான் வரும். அதன் திருத்திய வடிவமே நம்பத்தக்கது. காது குடையும் சிறு கருவியின் வளையத்தை உள்ளே வைத்து, சுவரைத் தள்ளாமல், அது உள்ளே விழாதபடி தாங்க மட்டும் வேண்டும். முதலில் கீழே, மடலைத் தாங்கினேன். "பத்துக்கு எவ்வளவு?" "மூன்று சார். முன்பு போலத்தான்." சற்று மேலே, மேல் பக்கக் குருத்தெலும்பின் விளிம்பைத் தாங்கினேன். இழுத்தார், கண்கள் விரிந்தன. "எட்டு சார்!" இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் எந்த அறுவைச் சிகிச்சை என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது.

கடைசியாக எண்டோஸ்கோப்பைச் சுவரில் படாமல் வாசலிலேயே பிடித்துப் பார்த்தேன். ஆழமான மூச்சில் பக்கச் சுவர் நடுத்தண்டை நோக்கிப் பாதித் தூரத்துக்கு மேல் வந்தது. தண்டும் மேல் பகுதியில் இடப்பக்கம் சாய்ந்து, கோணத்தை முன்பே குறுக்கியிருந்தது. சி.டி. ஸ்கேனில் தண்டின் வளைவு தெரிந்தது, சுவரின் தளர்ச்சி தெரியவில்லை. படுத்த நிலையில், அமைதியான மூச்சில் எடுக்கிற படம் அது. 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்றால் வால்வு நலம் என்று பொருள் இல்லை.

அடைப்பு, தூக்கம், உடற்பயிற்சியில் சிரமம் போன்ற ஐந்து கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, கூட்டி, ஐந்தால் பெருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. இவருக்கு 70. சிகிச்சைக்கு முன் இந்த எண்ணைக் குறித்துவைக்காவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

உடனே கத்தி தேவையில்லை. மூக்கின் மேல் ஒட்டும் பட்டை, உள்ளே வைக்கும் மென்மையான விரிப்பான் இரண்டும் சுவரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். பட்டையை மூக்கின் நடு எலும்பின் மேல் ஒட்டுவது வீண். அதற்குக் கீழே, பள்ளம் விழுகிற இடத்தைத் தழுவி ஒட்ட வேண்டும். இவர் இரண்டு வாரம் பட்டையோடு ஓடினார், பலன் தெரிந்தது. தாங்கினால் திறக்கும் என்பதற்கு அது இன்னொரு சான்றும்கூட. இரவில் மட்டும் தொல்லை உள்ள பெரியவர்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கும். இவருக்கு வியர்வையில் பட்டை உரிந்துகொண்டே வந்தது.

பழைய சீட்டில் எழுதியிருந்தபடி தண்டை மட்டும் நேராக்கியிருந்தால்? கோணம் கொஞ்சம் அகன்றிருக்கும், தளர்ந்த சுவர் அப்படியே இருந்திருக்கும். 'ஆபரேஷன் செய்தும் அடைக்கிறது' என்று வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வேறொரு நஷ்டமும் உண்டு. வால்வைத் தாங்கத் தேவையான குருத்தெலும்பு பெரும்பாலும் அந்தத் தண்டிலிருந்துதான் கிடைக்கும். முதல் முறை அதை எடுத்து எறிந்துவிட்டால், இரண்டாம் முறை எல்லாவற்றையும் காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுக்க வேண்டியிருக்கும்.

இவருக்கு ஒரே அமர்வில் இரண்டும் செய்யப்பட்டன. தண்டு நேராக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள நீளத் துண்டு, தண்டுக்கும் மேல் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே ஆப்பு போல வைத்துத் தைக்கப்பட்டது. ஸ்பிரெடர் கிராஃப்ட் என்பது இதுதான். அது கோணத்தை அகலமாக்கும். சுவரே தொய்ந்திருந்ததால், பள்ளம் விழும் இடத்தில் காது மடலின் குழிவிலிருந்து எடுத்த வளைந்த துண்டு ஒன்று முட்டுக் கொடுப்பது போலத் தோலுக்கடியில் வைக்கப்பட்டது. அதற்கு பேட்டன் கிராஃப்ட் என்று பெயர். குறுகலுக்கு முதலாவது, தொய்வுக்கு இரண்டாவது. இவற்றை மாற்றிச் செய்தால் பலன் பாதிகூட வராது. கரையும் உள்வைப்பு, ரேடியோ அலைச் சூடு போன்ற சிறிய முறைகளும் உண்டு. அவை தளர்ச்சி மட்டும் உள்ளவர்களுக்கு உதவலாம், வளைந்த தண்டை நேராக்காது.

கையெழுத்துப் போடும் முன் அவரிடம் சொன்னவை: பேட்டன் வைத்த பக்கம் மூக்கு வெளியிலிருந்து சற்றுத் தடித்துத் தெரியலாம். கிராஃப்ட் நகரலாம், சீழ் பிடிக்கலாம், காதில் இரத்தம் கட்டலாம். அடைப்பு முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

முதல் சில வாரங்களில் உள்வீக்கத்தால் முன்னைவிட அதிகமாக அடைக்கும். அப்போது பலர் பதறி மறுபடியும் மருந்துக்கடை ஸ்பிரேக்குப் போய்விடுகிறார்கள். உப்புநீரால் கழுவுவது, இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாமல் இருப்பது, சொன்ன நாளில் வந்து பொருக்கை எடுத்துக்கொள்வது, இவைதான் அந்தக் காலத்து வேலை. ஆறு வாரம் கழித்து மெல்ல ஓடத் தொடங்கினார். கபடிக்கு அதைவிட அதிகக் காலம் விலகியிருக்கச் சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஆறாம் மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மதிப்பெண் 20. ஆழமாக இழுக்கச் சொன்னேன். இடது சுவர் லேசாக அசைந்தது, ஒட்டவில்லை. ஒட்டுப் போட எடுத்த காது பின்புறம் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது என்றார். அதற்கு இன்னும் சில மாதம் ஆகும்.