முதல் தடவை எபிலேட்டர் யூஸ் பண்றீங்களா? முடி தோலுக்குள்ளயே சுருண்டுக்காம இருக்க இப்படி பண்ணுங்க

எபிலேட்டர் பத்தி கேக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது வலிக்குமான்னுதான். வலிக்கும், முதல் தடவை நல்லாவே வலிக்கும், அடுத்தடுத்த தடவைல குறைஞ்சுரும். நான் இங்க சொல்ல வந்தது அது இல்ல. பண்ணி முடிச்சு 2, 3 வாரம் கழிச்சு கால்ல கருப்பு கருப்பா புள்ளியும் சின்னச் சின்ன கட்டியும் வருது பாருங்க, அந்த இன்க்ரோன் ஹேர்தான் நிறைய பேரை மெஷினைத் தூக்கி அலமாரில போட வைக்குது. அதுவும் நம்ம மாநிறத் தோல்ல ஒரு கட்டி வந்து போனா அந்தக் கருப்புத் தழும்பு மாசக்கணக்குல நிக்கும்.

அது ஏன் வருதுன்னு தெரிஞ்சா கீழ சொல்ற ஸ்டெப் எல்லாம் எதுக்குன்னு புரிஞ்சுரும். எபிலேட்டர் உள்ள சின்ன சின்ன ட்வீசர் வரிசையா சுத்திட்டே இருக்கும், ஒவ்வொண்ணும் முடியைப் பிடிச்சு வேரோட இழுக்கணும். சரியா இழுபடாம முடி தோலுக்கு கீழ பாதில அறுந்துருச்சுன்னா, அந்த அறுந்த நுனி கூர்மையா இருக்கும், வெளிய வர்ற வழிய விட்டு பக்கவாட்டுல தோலையே குத்திட்டு வளர ஆரம்பிச்சுரும். இன்னொரு வகை, முடி வேரோட ஒழுங்கா வந்துருக்கும், ஆனா திரும்ப முளைக்குற புது முடி மெல்லிசா இருக்கறதால மேல மூடியிருக்குற டெட் ஸ்கின்னை முட்டி வெளிய வர முடியாம உள்ளயே வளைஞ்சுக்கும். ஆக நம்ம வேலை ரெண்டுதான், முடி அறுபடாம பாத்துக்கணும், முடி வெளிய வர்ற துளையோட வாயை மூடாம வச்சுக்கணும்.

முதல் தடவைக்கு முழங்காலுக்கு கீழ மட்டும் பண்ணுங்க. அக்குள், பிகினி ஏரியா எல்லாம் முடி தடிமனா சுருளா இருக்கும், தோலும் மெல்லிசு, அங்க இன்க்ரோன் வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம், கை பழகின அப்புறம் யோசிக்கலாம். தாடைல தடிமனா முடி வருது, பீரியட்ஸும் ஒழுங்கா இல்லன்னா அதுக்கு எபிலேட்டர் பதில் இல்ல, ஹார்மோன் விஷயமா இருக்கலாம், டாக்டரைப் பாருங்க.

ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி

முடி நீளம் 2 மில்லிமீட்டர்ல இருந்து 5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ரொம்ப நீளமா இருந்தா தோலும் சேர்ந்து இழுபட்டு வலி கூடும், முடியும் அறுபடும். ரொம்ப குட்டையா இருந்தா ட்வீசர் பிடிக்காது, ஒரே இடத்துல பத்து தடவை ஓட்டுவீங்க, தோல் சிவந்து போய்டும். அதனால ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ரேசர்ல ஒரு தடவை ஷேவ் பண்ணிட்டு விட்ருங்க, விரலால தடவினா முடி குத்தாம லேசா வளையுற பதத்துக்கு வந்ததும் ஆரம்பிக்கலாம். ஷேவ் பண்ணி வளர விட நேரம் இல்ல, முடி ஏற்கனவே நீளமா இருக்குன்னா ட்ரிம்மர் போட்டு குறைச்சாலும் போதும்.

முந்தின நாள் ராத்திரி

குளிக்கும்போது கால்ல டெட் ஸ்கின் எடுக்கணும். பீர்க்கங்காய் நார் இருந்தா போதும், நல்லா ஊறவச்சு மெதுவா வட்டமா ஒரு காலுக்கு ஒரு நிமிஷம் தேய்ச்சா சரி. கடலைமாவு, பயத்தம்மாவு தேய்ச்சுக் குளிக்குற பழக்கம் இருந்தா அதுவும் ஓகே. வால்நட் ஓடு போட்ட கரகர ஸ்க்ரப் மட்டும் வேண்டாம், அது தோலைக் கீறும், அடுத்த நாள் அந்தக் கீறல் மேல மெஷின் போனா எரிச்சல் தாங்காது. தேய்ச்சு முடிச்சதும் கொஞ்சம் மாய்ஸ்சரைசர் போட்டுட்டு தூங்குங்க, வறண்டு செதில் செதிலா இருக்குற தோல்ல முடி சுலபமா வராது.

எபிலேட்டரை ஃபுல் சார்ஜ் போட்டு வைங்க, இதை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. சார்ஜ் கம்மியானா ட்வீசர் சுத்துற வேகம் குறையும், முடியைப் பிடிச்சுட்டு முழுசா இழுக்காம அறுத்து விட்ரும்.

அன்னிக்கு

ராத்திரி சாப்பாடு முடிச்சு தூங்கப் போறதுக்கு முன்னாடி பண்றதுதான் நல்லது, சிவப்பு எல்லாம் தூக்கத்துலயே அடங்கிரும். விசேஷத்துக்காக பண்றீங்கன்னா முதல் தடவையை ஒரு வாரம் முன்னாடியே வச்சுக்குங்க.

வெதுவெதுப்பான தண்ணில குளிச்சுட்டு கால நல்லா துடைச்சு முழுசா காய விடுங்க. எண்ணெய், லோஷன் எதுவும் வேண்டாம், வழுக்கினா ட்வீசருக்கு பிடி கிடைக்காது. சென்னை மாதிரி ஊர்ல குளிச்ச உடனேயே வேர்த்துரும், ஃபேனுக்கு கீழ உக்காந்துக்கங்க, அப்பவும் பிசுபிசுன்னு இருந்தா துளி பவுடர் தடவி துடைச்சுட்டு ஆரம்பிங்க. உங்க மெஷின் தண்ணிலயும் யூஸ் பண்ற மாடல்னு பெட்டில போட்டிருந்தா குளிக்கும்போதே பண்ணலாம், வலி கொஞ்சம் குறையும். அப்படிப் போடலன்னா ஈரமே படக்கூடாது.

மெஷின் தலையை சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சு காய விட்டுட்டு, சின்ன ஸ்பீடுல ஆன் பண்ணுங்க. இனிமே கை எப்படிப் போகணும்ங்குறதுதான் முக்கியம். கணுக்காலுக்கு மேல வெளிப்பக்கம் வலி கம்மி, அங்க ஆரம்பிங்க. ஒரு கையால தோலை இறுக்கி இழுத்துப் பிடிச்சுக்கணும், இன்னொரு கையில மெஷினை தோலுக்கு நேர் செங்குத்தா வச்சு, அழுத்தாம, கீழ இருந்து முழங்காலைப் பாத்து மேல கொண்டு போகணும். முன்னங்கால் முடி கீழ் நோக்கி வளரும், நம்ம அதுக்கு எதிர்த்திசைல போறோம். ஆடுசதைல முடி பக்கவாட்டுல வளரும், அங்க ஒரு தடவை உத்துப் பாத்து திசையை மாத்திக்குங்க.

வேகம்தான் பெரிய தப்பு. வலிக்குதேன்னு சர்ருன்னு இழுத்துட்டு போகத் தோணும், அப்பதான் முடி அறுபடும். ரொம்ப ரொம்ப மெதுவா நகர்த்துங்க. 

கொஞ்ச தூரம் பண்ணதும் நிறுத்துங்க. மெஷினை ஆஃப் பண்ணி உள்ள மாட்டின முடியை வெள்ளை டிஷ்யூ மேல தட்டி, வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. ஒரு நுனில சின்னதா வெளுப்பா உருண்டை மாதிரி இருந்தா அது வேரோட வந்த முடி. ரெண்டு நுனியும் உருண்டை இல்லாம வெறுமனே இருந்தா அறுந்து வந்துருக்கு. பத்து முடில ஒண்ணு ரெண்டு அறுந்திருந்தா பரவால்ல. பாதிக்கு மேல அறுந்திருந்தா அப்படியே தொடராதீங்க, தோல் இறுக்கமா இருக்கா, மெஷின் சாஞ்சிருக்கா, கை வேகமா போகுதா, சார்ஜ் இருக்கான்னு வரிசையா பாருங்க.

என் தங்கச்சிக்கு முதல் தடவை பண்ணிவிட்டப்ப இப்படித்தான் டிஷ்யூல தட்டிப் பாத்தோம். பல வருஷம் ரேசர் போட்ட கால், முடி முனை மொட்டையா தடிமனா இருந்துச்சு. முன்னங்கால்ல எடுத்த முடி எல்லாம் வெள்ளை உருண்டையோட இருந்துச்சு, ஆடுசதைல எடுத்ததுல பெரும்பாலும் இல்ல. அவ காலை மடக்கி உக்காந்திருந்தா, அதனால சதை தொளதொளன்னு இருந்துச்சு. குப்புறப் படுக்கச் சொல்லி, பாதத்தை நீட்டி, நான் தோலை இழுத்துப் பிடிச்சு, பக்கவாட்டுல ஓட்டினதும் உருண்டையோட வர ஆரம்பிச்சுருச்சு. ஆடுசதைக்கு இன்னொருத்தர் கை இருந்தா நல்லது.

ஒரே இடத்துல 2, 3 தடவைக்கு மேல ஓட்டாதீங்க. மிச்சம் ஒண்ணு ரெண்டு இருந்தா ட்வீசர்ல எடுத்துக்கலாம். மச்சம், மரு, புடைச்ச நரம்பு, புண் இருக்குற இடத்தை விட்டுட்டு சுத்திப் போங்க. சர்க்கரை நோய் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்க, இல்ல முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுறீங்கன்னா டாக்டர்கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க.

முதல் ரெண்டு நாள்

பண்ணி முடிச்சதும் ஒவ்வொரு முடிக்காலும் சிவப்பா புடைச்சு நிக்கும், சில இடத்துல பொட்டு ரத்தம் கூட வரும், பயப்படாதீங்க. ஐஸ் கட்டியை துணில சுத்தி ஒத்தி எடுங்க, வாசனை இல்லாத கற்றாழை ஜெல் மெல்லிசா தடவுங்க, அவ்ளோதான். தேங்காய் எண்ணெயை கெட்டியா அப்பாதீங்க, வேர்வையோட சேர்ந்து திறந்திருக்குற வாயை அடைச்சுரும். டைட் லெக்கிங்ஸ், ஜீன்ஸ் ரெண்டு நாள் வேண்டாம், காட்டன் பேன்ட்டோ நைட்டியோ போடுங்க. நீச்சல், ஜிம், உச்சி வெயில் எல்லாம் தள்ளிப் போடுங்க.

மூணாம் நாள்ல இருந்து

இன்க்ரோன் வர்றதும் வராததும் இங்கதான் முடிவாகுது. வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை அதே பீர்க்கங்காய் நார் லேசா தேய்ங்க, இல்லன்னா லாக்டிக் ஆசிடோ 2 சதவீதம் சாலிசிலிக் ஆசிடோ இருக்குற பாடி லோஷன் தடவுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க. கர்ப்பமா இருந்தா சாலிசிலிக் போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. மத்த நாள் தினமும் மாய்ஸ்சரைசர், கால் ரொம்ப வறண்டு போறவங்களுக்கு 10 சதவீதம் யூரியா இருக்குற க்ரீம் நல்லா கேக்கும். வெயில்ல கால் தெரிய போனா சன்ஸ்க்ரீன் போடுங்க, தழும்பு கருக்குறதுக்கு வெயிலும் ஒரு காரணம்.

நாலஞ்சு நாள்லயே புதுசா முடி எட்டிப் பாத்தா மெஷின் வேஸ்ட்னு நினைச்சுராதீங்க. நீங்க பண்ணப்ப தோலுக்கு கீழ இருந்த வேற முடிங்க அது, எல்லா முடியும் ஒரே நேரத்துல வளர்றதில்ல. மொத மூணு நாலு ரவுண்டு 2 வாரத்துக்கு ஒரு தடவை பண்ணினா போகப் போக கம்மியாயிரும்.

அப்பவும் ஒரு கட்டி வந்துருச்சுன்னா என்னதுன்னு பாருங்க. ரெண்டு நாளுக்குள்ள வந்து அடங்குற சிவப்பு புள்ளி சாதாரணம். வாரங்கள் கழிச்சு வர்ற கட்டி, உள்ள கருப்பா கோடோ வளையமோ தெரிஞ்சா, அது இன்க்ரோன். நகத்தால நோண்டாதீங்க, ஊசியால குத்தாதீங்க. வெதுவெதுப்பான துணியை 10 நிமிஷம், தினம் 2 தடவை வைங்க. முடி வளையம் தோலுக்கு மேலயே வந்துட்டா மட்டும் ஸ்பிரிட்ல துடைச்ச ட்வீசரால நுனியை லேசா நிமித்தி விடுங்க, பிடுங்க வேண்டாம், பிடுங்கினா அடுத்த முடியும் அதே மாதிரி சுருண்டுக்கும். அந்த இடம் ஆறுற வரைக்கும் எபிலேட்டர் அது மேல போகக்கூடாது.

சீழ் வைக்குது, தொட்டா சூடா இருக்கு, சிவப்பு பரவுது, காய்ச்சல் அடிக்குதுன்னா அது கிருமி, வீட்டு வைத்தியம் பாக்காம தோல் டாக்டர்கிட்ட போங்க. இதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷால முடியைத் தட்டிட்டு தலையை ஸ்பிரிட்ல துடைச்சு வைக்கணும், அக்கா தங்கச்சியா இருந்தாலும் ஒரே தலையை மாத்தி மாத்தி யூஸ் பண்ணக்கூடாது. நான் தங்கச்சிக்கு பண்ணிவிட்டதும் அவ மெஷின்லதான்.