பணவீக்கம் குறைஞ்சா விலை குறையுமா? இங்கதான் மார்க் போகுது

சிவில் சர்வீஸ் எக்ஸாம் எகனாமிக்ஸ்ல நிறைய பேர் மாட்டுற இடம் இது, "பணவீக்கம் 10 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு, அதனால விலை குறைஞ்சது"ன்னு ஸ்டேட்மென்ட் வந்தா உடனே சரின்னு டிக் பண்ணிடுறோம். அது தப்பு.

ஒரு விலைக் குறியீட்டை எடுத்துக்கோங்க. முதல் வருஷம் 100, அடுத்தது 110, அதுக்கடுத்தது 115.5, கடைசி வருஷம் 112. 100ல இருந்து 110 போனது 10 சதவீத பணவீக்கம். 110ல இருந்து 115.5 போனது 5 சதவீதம்தான், ஆனா பாருங்க விலை இன்னும் ஏறிட்டுதான் இருக்கு, ஏறுற வேகம் மட்டும்தான் குறைஞ்சிருக்கு, இதுக்குப் பேரு டிஸ்இன்ஃப்ளேஷன். 115.5ல இருந்து 112க்கு இறங்குச்சே, அதுதான் டிஃப்ளேஷன், அதாவது பணவாட்டம், இங்க சதவீதமே மைனஸ்ல வரும். அதனால கேள்வியில "விகிதம் குறைந்தது"ன்னு இருக்கா "விலைமட்டம் குறைந்தது"ன்னு இருக்கான்னு முதல்ல அந்த வார்த்தைய அடிக்கோடு போடுங்க, பாதி குழப்பம் அங்கயே தீர்ந்துடும்.

இதோட சேர்த்துக் குழப்பிக்கிற இன்னொரு வார்த்தை நிதிப் பற்றாக்குறை, ஆனா அது இந்தக் குடும்பமே இல்ல, அது அரசாங்கத்தோட வரவு செலவுக் கணக்கு. செலவு 100, கடன் இல்லாத வரவு 80ன்னா பற்றாக்குறை 20. வாங்குற கடனையும் வரவுல சேர்த்துட்டா பற்றாக்குறையே காணாமப் போயிடும், ஆப்ஷன்ல "கடன் உட்பட மொத்த வரவு"ன்னு போட்டு ஏமாத்துவாங்க, கவனமா இருங்க. பற்றாக்குறை ஏறினா பணவீக்கம் கண்டிப்பா ஏறும்னு வர்ற ஸ்டேட்மென்ட்டும் தப்புதான், ஏற வாய்ப்பு இருக்கு, ஆனா டிமாண்ட் படுத்துக் கிடக்குற நேரத்துல ஏறாமலும் போகலாம்.