வெள்ளவத்தைத் தையல் கடைக்கு 7,000 ரூபாயில் ஒரு பேஸ்புக் விளம்பரம்

என் சித்தி வெள்ளவத்தையில் காலி வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் சாறி பிளவுஸ் தைக்கிறார். கடைப் பக்கத்தில் போட்ட ஒரு படத்துக்குக் கீழே இருந்த `Boost post` பொத்தானை ஒருநாள் தானே அழுத்தி, இலங்கை முழுவதற்கும் விளம்பரம் ஓடவிட்டார். நான்கு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, லைக் நிறைய வருது. துணியோட ஒராளும் வரேல்லை.”

அதை நிறுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்தோம். அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதலில் கொப்பியில் ஒரு கணக்கு

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை பேஸ்புக்கிடம் கேட்காதீர்கள், உங்கள் தொழிலிடம் கேளுங்கள். சித்தி ஒரு பிளவுஸுக்கு 3,000 ரூபாய் வாங்குகிறார். லைனிங், நூல், கொக்கி, உதவிக்கு வரும் பெண்ணின் கூலி எல்லாம் போக 1,200 மிஞ்சும். புதிதாக வருபவர் பெரும்பாலும் இரண்டு பிளவுஸ் கொடுப்பார், அப்படியென்றால் 2,400. அதில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 800 ரூபாயை, அவரைக் கடைக்குக் கொண்டுவரச் செலவழிக்கலாம் என்று முடிவுசெய்தோம்.

விலை கேட்கும் எல்லோரும் வரமாட்டார்கள். சித்தியின் அனுபவத்தில் மூன்று நான்கு பேர் கேட்டால் ஒருவர் வருவார். ஆகவே ஒரு விசாரணைக்கு 200 முதல் 250 ரூபாய் வரை போகலாம். ஒரு நாளைக்கு 1,000, ஏழு நாளுக்கு 7,000 என்று வைத்தோம்.

நோக்கத்தைச் சரியாகத் தெரிவுசெய்தல்

கணினியில் பேஸ்புக் விளம்பரங்களைக் கையாளும் `Ads Manager` திறந்து `Create` அழுத்தினால் விளம்பரத்தின் நோக்கத்தைக் கேட்கும். சித்தியின் பழைய விளம்பரம் பிழைத்துப்போனது இங்கேதான். லைக் வேண்டும் என்று சொன்னால், எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப்பிடித்து பேஸ்புக் காட்டும். அவர்கள் சாறி கட்டுபவர்களா என்பது அதன் கவலை அல்ல. நாங்கள் `Engagement` எடுத்து, தகவல் வந்து சேரும் இடமாக வட்ஸ்அப்பைக் கொடுத்தோம். பிறகு பேஸ்புக், எழுதிக் கேட்கக்கூடியவர்களைத் தேடத் தொடங்கும். கடையின் வட்ஸ்அப் இலக்கத்தை முன்கூட்டியே பக்கத்துடன் இணைத்திருக்க வேண்டும்.

தொகையை `Lifetime budget` என்று மொத்தமாகக் கொடுத்து, முடிவுத் திகதியையும் போட்டுவிடுங்கள். திகதி இல்லாமல் ஓடும் விளம்பரம் நீங்கள் மறந்துபோனாலும் கார்டில் காசு எடுத்துக்கொண்டே இருக்கும். விளம்பரம் ஓடவே இல்லை என்றால், வங்கிக் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யாருக்குக் காட்டுவது

இடத்தில் ‘Colombo’ என்று எழுதாமல் வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் ஊசியைக் குத்துங்கள். குறைந்தது 1 கி.மீ. ஆரம் கொடுக்கலாம். நாங்கள் 4 கி.மீ. வைத்தோம். வட்டத்தைப் பார்த்ததும் சித்தி சிரித்தார், பாதி கடலுக்குள் கிடந்தது. கடலில் காசு போகாது, ஆனால் வட்டம் காட்டும் அளவுக்கு ஆட்களும் இல்லை. மிச்சப் பாதியில் பம்பலப்பிட்டி, பாமன்கடை, கிருலப்பனை, தெஹிவளை வருகின்றன. பிளவுஸுக்கு அளவு கொடுக்க ஒருமுறை, எடுக்க ஒருமுறை என்று இரண்டு தரம் வர வேண்டும். அதற்காக வத்தளையிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

அடுத்தது மொழி. தமிழ் விளம்பரம்தானே என்று மொழிப் பெட்டியில் தமிழைத் தெரிவுசெய்யத்தான் கை போகும். செய்யாதீர்கள். பேஸ்புக் முக்கியமாகப் பார்ப்பது ஒருவர் தன் பேஸ்புக்கை எந்த மொழியில் வைத்திருக்கிறார் என்பதை. கொழும்பில் வீட்டில் தமிழ் பேசும் எத்தனையோ பெண்களின் போன் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, சித்தியின் போனும் அப்படித்தான். தமிழைத் தெரிவுசெய்தால் நமக்கு வேண்டியவர்களே வெளியே நின்றுவிடுவார்கள். பெட்டியை வெறுமையாக விட்டு, விளம்பரத்தைத் தமிழில் எழுதுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் நிற்பார், மற்றவர் கடந்துபோவார்.

ஆர்வங்களை வைத்து ஆட்களைத் தெரிவுசெய்யவும் வேண்டாம். சிறிய வட்டத்தை மேலும் நறுக்கினால் ஆளே மிஞ்சாது. பெண்கள், 22 வயதுக்கு மேல், அவ்வளவுதான் நாங்கள் கொடுத்தது.

என்ன எழுதுவது

ஆளைப் பொறுக்கும் வேலையை இனி விளம்பர வாசகம்தான் செய்ய வேண்டும். சித்தி முன்பு எழுதியது: “சிறந்த தரம், நியாயமான விலை, இன்றே வாருங்கள்.” இதைச் சப்பாத்துக் கடையும் எழுதலாம். புதியது இது:

“வெள்ளவத்தையில் சாறி பிளவுஸ் தையல். லைனிங்குடன் 3,000 ரூபாயிலிருந்து. உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவாருங்கள், 5 நாளில் தருவோம். கழுத்து டிசைன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கலாம்.”

இடமும் விலையும் முதலிலேயே வருகின்றன, ஏனென்றால் போனில் அதற்குப் பிறகு ‘See more’ வந்து மறைத்துவிடும். விலை போட்டால் ஆள் பயந்துவிடும் என்று சித்தி தயங்கினார். பயப்படுகிறவர் விலை கேட்டுவிட்டுப் போகப்போகிறவர், அவருடைய கேள்விக்கும் நாம்தான் காசு கட்டுகிறோம். கடைசி வரி எதை எழுதிக் கேட்பது என்பதையே சொல்லிக்கொடுக்கிறது, “ஹாய்” மட்டும் அனுப்பிவிட்டு மறைபவர்கள் குறைவார்கள்.

படத்துக்கு, சித்தி தைத்த பச்சைப் பட்டு பிளவுஸ் ஒன்றை ஜன்னலோரம் தொங்கவிட்டு, முதுகுக் கழுத்தையும் பைப்பிங்கையும் கிட்டத்தில் எடுத்தோம். இணையத்தில் எடுத்த மணப்பெண் படம் வேண்டாம். தைக்கத் தெரிந்த கண் பைப்பிங் நேராக ஓடுகிறதா என்றுதான் பார்க்கும்.

ஓடத் தொடங்கிய பின்

அனுமதி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வந்துவிடும். அப்புறம் குறைந்தது நான்கு நாள் கைவைக்காதீர்கள். வாசகத்தையோ வட்டத்தையோ மாற்றினால் யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் மறுபடி படிக்கத் தொடங்கும். ‘Learning limited’ என்று காட்டினால் பதறவேண்டாம். வாரத்துக்கு 50 விசாரணை அளவு வந்தால்தான் அந்தப் படிப்பு முடியும், 7,000 ரூபாயில் அது கடினம். இதனால்தான் இந்தத் தொகையை மூன்று விளம்பரமாகப் பிரிக்கவும் கூடாது.

பார்க்கவேண்டியது ஒரு விசாரணைக்கு எவ்வளவு போனது என்பதையும், ஒருவருக்குச் சராசரியாக எத்தனை தரம் காட்டியது என்று சொல்லும் `Frequency` என்ற எண்ணையும். அந்த எண் 3-ஐத் தாண்டினால் அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிறது, படத்தை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

முதல் வாரம் 29 பேர் எழுதினார்கள், 8 பேர் துணியுடன் வந்தார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு 875 ரூபாய், நாங்கள் போட்ட எல்லையைவிடக் கொஞ்சம் கூட. வட்ஸ்அப்பைத் திறந்து நேரங்களைப் பார்த்தோம். 11 பேர் இரவு ஒன்பதுக்குப் பிறகு எழுதியிருந்தார்கள். சித்தி பதில் போட்டது மறுநாள் மதியம், மெஷினிலிருந்து எழும்பிய பிறகு. அந்த 11 பேரில் வந்தவர் ஒருவர்தான்.

அடுத்த தடவை அதே தொகை, அதே வட்டம். காலை 10 முதல் இரவு 8 வரை மட்டும் ஓடும்படி நேரம் குறித்தோம், மொத்தத் தொகை கொடுத்திருந்தால் இது முடியும். உதவிக்கு வரும் பெண்ணிடம் போனைக் கொடுத்தோம். 24 பேர்தான் எழுதினார்கள், ஆனால் 10 பேர் வந்தார்கள். ஒரு விசாரணைக்குப் போனது 241-லிருந்து 292 ரூபாயாக ஏறியது, ஒரு வாடிக்கையாளருக்குப் போனது 700-ஆக இறங்கியது. `Ads Manager` காட்டுவது முதல் எண்ணை மட்டும்தான். இரண்டாவதற்காக சித்தி இப்போது அளவுக் கொப்பியில் ஒவ்வொரு புதுப் பெயருக்குப் பக்கத்திலும் “வட்ஸ்அப்” என்று குறித்துவைக்கிறார்.