செம்புறாங்கல் தட்டியதும் பைலை நிறுத்தலாமா?

காரைக்குடிப் பக்கம் கட்டட அடித்தளப் பைலுக்குத் துளை போடும்போது செம்புறாங்கல் தட்டினால், "கெட்டி வந்தாச்சு, போதும்" என்பார்கள். அது அரை மீட்டர் தகடாக இருந்து, கீழே களிமண்ணே தொடர்ந்தால் அதை நம்பி முனைத் தாங்குதிறனைக் கூட்டிப் போடாதீர்கள்.

500 மி.மீ. பைல் ஒன்றைப் பாருங்கள், சுற்றளவு 1.57 மீ. மேலே 4 மீட்டர் இளகிய களி, பக்க உராய்வு ச.மீட்டருக்கு 25 கிலோநியூட்டன்: 4 × 1.57 × 25 = 157 கிலோநியூட்டன். அடுத்த 6 மீட்டர் கெட்டிக் களிக்கு 40 வீதம் 377. பத்தாவது மீட்டரில் தகடு. அதன் கீழும் அதே கெட்டிக் களி, வெட்டு வலிமை 80. ஆகவே களிக்கான தாங்குகெழு 9, முனைப் பரப்பு 0.196 ச.மீ. என வைத்தால், முனைக்கு 9 × 80 × 0.196 = 141 மட்டுமே. மொத்தம் 675, காப்புக்கு 2.5-ஆல் வகுத்தால் 270 கிலோநியூட்டன், ஏறத்தாழ 27 டன்.

மண் பரிசோதனைத் துளையைப் பைல் முனைக்குக் கீழே குறைந்தது 5 விட்டம், இங்கே 2.5 மீட்டர், இறக்கச் சொல்லுங்கள். தகடா பாறையா என்பது அப்போது தெரிந்துவிடும்.